பேங்க் ஸ்டேட்மென்டையும் நம்ம கணக்கையும் ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் இருக்குற என்ட்ரிக்கு கலர் போட்டுக் காட்டுற டேபிள்: முழு வழிகாட்டி

மாசக் கடைசியில பேங்க் ஸ்டேட்மென்ட் ஒரு பக்கம், நாம எழுதி வச்ச கணக்கு ஒரு பக்கம், ரெண்டுலயும் கடைசி பேலன்ஸ் வேற வேற. எது இங்க இருக்கு அங்க இல்ல, எது அங்க இருக்கு இங்க இல்லன்னு கண்டுபிடிக்கணும். பேனாவால டிக் அடிச்சுப் பாக்குற வேலையத்தான் ஸ்ப்ரெட்ஷீட்ல பண்ணப் போறோம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் ரெண்டுலயும் இதே ஃபார்முலா வேலை செய்யும்.

இதுக்கு நெட்ல தேடினா முதல்ல கிடைக்குறது, தொகையை எடுத்து அடுத்த லிஸ்ட்ல `COUNTIF` போட்டுப் பாருங்க, ஜீரோ வந்தா அது இல்லன்னு அர்த்தம், அப்படிங்குற யோசனைதான். பாக்க சரியா தெரியும், ஆனா ஒரே தொகை ரெண்டு தடவை வந்தா அது ஏமாத்திடும். பேங்க்ல 2,500 ரெண்டு தடவை போயிருக்கு, நம்ம கணக்குல ஒரு தடவைதான் எழுதியிருக்கோம்னு வைங்க, பேங்க்ல இருக்குற ரெண்டு வரியுமே நம்ம கிட்ட இருக்குற அந்த ஒரே வரியைப் பாத்து "இருக்கு இருக்கு"ன்னு சொல்லிடும். விட்டுப்போன ஒண்ணு கடைசி வரைக்கும் கண்ணுல படாது. அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரு வரிக்கு ஒரு வரின்னு ஜோடி சேக்குறதைப் பத்தித்தான்.

எடுத்துக்கப் போற கணக்கு

சின்னதா ஒரு மாசக் கணக்கு எடுத்துக்குவோம். மாச ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் பேலன்ஸ் 50,000, அதுல எந்த வித்தியாசமும் இல்ல.

பேங்க் ஸ்டேட்மென்ட்:

| தேதி | விவரம் | வந்தது | போனது |
|---|---|---|---|
| 2 | டெபாசிட் | 12,000 | |
| 4 | செக் | | 4,500 |
| 9 | டிரான்ஸ்ஃபர் | | 2,500 |
| 11 | டிரான்ஸ்ஃபர் | | 2,500 |
| 15 | டெபாசிட் | 8,000 | |
| 18 | கார்டு | | 1,960 |
| 30 | பேங்க் சார்ஜ் | | 150 |
| 30 | வட்டி | 210 | |

கடைசி பேலன்ஸ் 58,600.

நம்ம கணக்கு:

| தேதி | விவரம் | வந்தது | போனது |
|---|---|---|---|
| 1 | வரவு | 12,000 | |
| 3 | செக் கொடுத்தது | | 4,500 |
| 8 | டிரான்ஸ்ஃபர் | | 2,500 |
| 15 | வரவு | 8,000 | |
| 18 | கார்டு | | 1,690 |
| 28 | செக் கொடுத்தது | | 6,000 |
| 30 | வரவு, பேங்க்ல போட்டது | 3,500 | |

கடைசி பேலன்ஸ் 58,810. வித்தியாசம் 210.

இங்கயே ஒரு பொறி இருக்கு. வித்தியாசம் 210, பேங்க்ல வட்டியும் 210, "அட, வட்டியை எழுத மறந்துட்டோம், அவ்ளோதான்"னு மூடி வச்சிடத் தோணும். ஆனா வட்டியை எழுதாம விட்டா நம்ம பேலன்ஸ்தான் பேங்கை விடக் குறைவா இருக்கணும், இங்க நம்மளோடது 210 அதிகமா இருக்கு. வட்டியை எழுதினா வித்தியாசம் ஜீரோ ஆகாது, 420 ஆகும். மொத்த வித்தியாசம் ஒரு என்ட்ரியோட தொகைக்கு சமமா இருக்குறது வெறும் தற்செயலா இருக்கலாம், அதனால வித்தியாசத்தை வச்சுத் தேடாம ஒவ்வொரு வரியையும் ஜோடி சேத்துப் பாக்குறதுதான் நம்பகமான வழி.

ஸ்டெப் 1: ரெண்டு ஷீட், ஒரே அமைப்பு

ஒரே ஃபைல்ல `Bank`, `Book`னு ரெண்டு ஷீட் போடுங்க. ரெண்டுலயும் A-ல தேதி, B-ல விவரம், C-ல வந்தது, D-ல போனது. முதல் வரி தலைப்பு, டேட்டா ரெண்டாவது வரியில ஆரம்பிக்கணும். E, F, G, H நாலையும் ஃபார்முலாவுக்கு காலியா விடுங்க.

தலைப்புல டெபிட், கிரெடிட்னு எழுதாம வந்தது, போனதுன்னு நான் எழுதச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்டை பேங்க் அவங்க பக்கத்துலருந்து எழுதுறாங்க, நம்ம பணம் அவங்களுக்குக் கடன், அதனால பணம் வெளிய போனா அவங்க டெபிட்னு போடுவாங்க. நம்ம கேஷ் புக்ல பணம் உள்ள வந்தாத்தான் டெபிட். ரெண்டு டெபிட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜோடி தேடினா ஒண்ணு கூட சேராது. எல்லா வரியும் கலர்ல வந்து நின்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொண்ணு, பேங்க் ஃபைல்ல நடுவுல வர்ற "பக்க மொத்தம்", "முன்பக்க பேலன்ஸ்" மாதிரி வரிகளை தூக்கிடுங்க, அதெல்லாம் என்ட்ரி கிடையாது.

ஸ்டெப் 2: தொகை நிஜமாவே நம்பரான்னு பாக்குறது

பேங்க்லருந்து எடுத்த ஃபைல்ல நம்பர் மாதிரி தெரியுறது பல நேரம் டெக்ஸ்டா இருக்கும், பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும். எங்கயாவது காலி கட்டத்துல இதைப் போடுங்க:

```
=COUNT(C2:D9)
```

இது நம்பரை மட்டும்தான் எண்ணும். எட்டு வரி இருந்தா எட்டு வரணும். குறைஞ்சா சிலது டெக்ஸ்ட். காலியா விட வேண்டிய இடத்துல பேங்க் 0.00 போட்டிருந்தா மட்டும் ரெண்டு மடங்கு வரும், அதுல பிரச்சனை இல்ல. டெக்ஸ்டா இருக்குறதை சரி பண்ண, ஓரத்துல ஒரு காலி இடத்துல இதைப் போட்டு கீழ இழுத்து, வந்த விடையை மதிப்பா மட்டும் பேஸ்ட் பண்ணிக்கோங்க:

```
=IF(TRIM(SUBSTITUTE(C2,UNICHAR(160),""))="",0,VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(C2,UNICHAR(160),""),",","")))
```

160ங்குறது வெப் பக்கத்துலருந்து ஒட்டிக்கிட்டு வர்ற அந்த ஸ்பேஸோட நம்பர், சாதாரண `TRIM` அதைத் தொடாது. அதனாலதான் `TRIM` போட்டும் சரியாகலைன்னு நிறைய பேர் சொல்றாங்க. இந்த ஃபார்முலா பைசாவுக்கு முன்னாடி புள்ளி வைக்குற ஃபைலுக்கு, கமா வச்சு பைசா பிரிக்குற ஃபைலா இருந்தா கமாவை எடுக்காம மாத்தி எழுதிக்கணும்.

ஸ்டெப் 3: வந்தது போனதை ஒரே தொகையாக்குறது

ரெண்டு ஷீட்லயும் E2-ல:

```
=ROUND(C2-D2,2)
```

வந்தது பிளஸ், போனது மைனஸ். 4,500 வந்ததும் 4,500 போனதும் தப்பா ஜோடி சேராம இருக்க இந்த குறி வேணும். `ROUND` எதுக்குன்னா, டாக்ஸோ கமிஷனோ கணக்குப் போட்டு வந்த தொகையில கண்ணுக்குத் தெரியாத தசமம் வால் மாதிரி இருக்கும், ஸ்க்ரீன்ல 118.33னு தெரிஞ்சாலும் உள்ள 118.3333னு இருக்கும், பேங்கோட 118.33 கூட அது சேராது. இங்க `#VALUE!` வந்தா ஸ்டெப் 2-ல ஒரு கட்டம் விட்டுப் போச்சுன்னு அர்த்தம், `IFERROR` போட்டு அதை மறைக்காதீங்க, மறைச்சா அந்த வரி அப்படியே காணாமப் போயிடும்.

எல்லா ஃபார்முலாவையும் டேட்டா இருக்குற வரிக்கு மட்டும் இழுங்க. காலி வரிக்கும் இழுத்தா அதெல்லாம் ஜீரோ தொகைன்னு நினைச்சு அதுக்கும் ஜோடி தேடும்.

ஸ்டெப் 4: சாவி, இதுதான் உயிர்

சாவிங்குறது ரெண்டு பக்க வரிகளையும் ஜோடி சேக்க நாம உண்டாக்குற அடையாளம். ரெண்டு ஷீட்டையும் தேதி வாரியா வரிசைப்படுத்திட்டு F2-ல இதைப் போடுங்க:

```
=TEXT(E2,"0.00")&"#"&COUNTIF(E$2:E2,E2)
```

`E$2:E2`ன்னு எழுதியிருக்குறதுல முதல் பாதி மட்டும் பூட்டியிருக்கு, கீழ இழுக்க இழுக்க அந்த ரேஞ்ச் நீண்டுக்கிட்டே போகும், அதனால இந்த வரி வரைக்கும் இதே தொகை எத்தனாவது தடவை வருதுன்னு அது எண்ணிச் சொல்லும். பேங்க் ஷீட்ல 9-ஆம் தேதி வரிக்கு `-2500.00#1`, 11-ஆம் தேதி வரிக்கு `-2500.00#2`. நம்ம ஷீட்ல `-2500.00#1` மட்டும்தான் இருக்கு. இப்ப முதலாவது முதலாவதோட சேந்துடும், ரெண்டாவது தனியா நிக்கும்.

சாவியில ஏன் தேதியை சேக்கலைன்னு கேப்பீங்க. நாம செக் எழுதுற தேதியும் பேங்க்ல அது பாஸ் ஆகுற தேதியும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது, இந்தக் கணக்குலயே 12,000, 4,500, 2,500 மூணுமே ஒரு நாள் தள்ளித்தான் பேங்க்ல விழுந்திருக்கு. தேதியை சேத்தா சரியா இருக்குற வரியெல்லாம் கலர்ல வந்துடும், அப்புறம் அந்தக் கலருக்கு மதிப்பே இல்ல. விவரத்தை வச்சும் சேக்க முடியாது, பேங்க் எழுதுறது ஒரு மாதிரி நாம எழுதுறது ஒரு மாதிரி. ரெண்டு பக்கமும் ஒரே செக் நம்பரோ ரெஃபரன்ஸ் நம்பரோ எல்லா வரியிலயும் ஒழுங்கா இருந்தா மட்டும் அதை சாவி முன்னாடி சேத்துக்கலாம். பாதி வரியில இருந்து பாதியில இல்லன்னா சேக்காம இருக்குறதே நல்லது.

ஸ்டெப் 5: நிலை எழுதி கலர் போடுறது

`Bank` ஷீட்ல G2:

```
=IF(COUNTIF(Book!F$2:F$500,F2)=0,"புக்ல இல்ல","")
```

`Book` ஷீட்ல G2:

```
=IF(COUNTIF(Bank!F$2:F$500,F2)=0,"பேங்க்ல இல்ல","")
```

500 வரிக்கு மேல டேட்டா இருந்தா அந்த நம்பரை ஏத்திக்கோங்க. ஏத்தாம விட்டா கீழ இருக்குற வரியெல்லாம் "இல்ல"ன்னு வரும்.

இப்ப கலர். A2-லருந்து G500 வரை செலக்ட் பண்ணி, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல ஃபார்முலா ரூலா இதைக் கொடுங்க:

```
=$G2<>""
```

G முன்னாடி டாலர் குறி முக்கியம், அது இல்லன்னா வரி முழுக்க கலர் வராம அங்கங்க ஒரு கட்டம் மட்டும் வரும். நேரா `COUNTIF`-ஐயே ரூல்ல எழுதாம G-ஐப் பாக்கச் சொல்றதுக்குக் காரணம், கூகுள் ஷீட்ஸ்ல ரூலுக்குள்ள இன்னொரு ஷீட்டை நேரா குறிப்பிட விடாது, `INDIRECT` போட்டு சுத்தணும். G-ஐ வச்சா அந்தத் தொல்லையே இல்ல, கூடவே ஃபில்டர் போடவும் வசதி.

இந்தக் கணக்குல பேங்க் பக்கம் நாலு வரி கலர்ல வரும்: 11-ஆம் தேதி 2,500, 18-ஆம் தேதி 1,960, சார்ஜ் 150, வட்டி 210. நம்ம பக்கம் மூணு: 1,690, 6,000 செக், 3,500 வரவு.

ஸ்டெப் 6: டேபிள் சொல்றது சரிதானான்னு சோதிக்குறது

பலரும் இதை விட்டுடுறாங்க, என்னைக் கேட்டா இது இல்லாம அந்தக் கலரை நம்பவே கூடாது. ஜோடி சேந்த வரிகள் ரெண்டு பக்கமும் ஒரே தொகை, அதனால அது ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். அப்படின்னா ஆரம்ப பேலன்ஸ் ஒண்ணா இருக்கும்போது, கடைசி பேலன்ஸ் வித்தியாசம் முழுக்க கலர் போட்ட வரிகள்லருந்து மட்டும்தான் வர முடியும்.

```
=SUMIF(Bank!G2:G500,"?*",Bank!E2:E500)-SUMIF(Book!G2:G500,"?*",Book!E2:E500)
```

`"?*"`ங்குறது ஒரு எழுத்தாவது இருக்குற கட்டம்னு அர்த்தம். `"<>"` போட்டா ஃபார்முலா காலியா விட்ட கட்டத்தையும் சேத்து எண்ணிடும், அதனால அது வேண்டாம்.

போட்டுப் பாப்போம். பேங்க் பக்கம்: மைனஸ் 2,500, மைனஸ் 1,960, மைனஸ் 150, பிளஸ் 210, மொத்தம் மைனஸ் 4,400. நம்ம பக்கம்: மைனஸ் 1,690, மைனஸ் 6,000, பிளஸ் 3,500, மொத்தம் மைனஸ் 4,190. கழிச்சா மைனஸ் 210. பேங்க் பேலன்ஸ்லருந்து நம்ம பேலன்ஸைக் கழிச்சாலும் 58,600 – 58,810 = மைனஸ் 210. டேலி ஆயிடுச்சு.

இதே சோதனையை முதல்ல சொன்ன வெறும் `COUNTIF` முறைக்குப் போட்டா என்ன ஆகும்? ரெண்டாவது 2,500 கலர்ல வந்திருக்காது, பேங்க் பக்க மொத்தம் மைனஸ் 1,900 ஆகும், விடை பிளஸ் 2,290. வர வேண்டிய மைனஸ் 210-க்கும் இதுக்கும் உள்ள தூரம் சரியா 2,500. ஒளிஞ்சிருந்த வரியோட தொகையே வெளிய வந்துடுது பாருங்க.

சாவி முறையிலயும் டேலி ஆகலைன்னா, ஸ்டேட்மென்ட்லருந்து எடுக்கும்போது ஒரு பக்கமோ கடைசி வரியோ விட்டுப் போயிருக்கும், இல்லன்னா ஏதோ ஒரு ஷீட்ல ஃபார்முலா கடைசி வரி வரை இழுக்கப்படலை, இல்லன்னா ஆரம்ப பேலன்ஸே வேறயா இருந்திருக்கும்.

ஸ்டெப் 7: கலர்ல வந்த வரிகளைப் படிக்குறது

முதல்ல ரெண்டு பக்க கலர் வரிகளையும் பக்கத்துல வச்சு, தேதி ஒத்துப்போற ஜோடி இருக்கான்னு பாருங்க. 18-ஆம் தேதி பேங்க்ல 1,960, நம்ம கிட்ட 1,690, ரெண்டுமே கார்டு. வித்தியாசம் 270, ஒன்பதால மீதி இல்லாம வகுபடுது. பக்கத்து பக்கத்து இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் எப்பவும் ஒன்பதால வகுபடும், ஆனா ஒன்பதால வகுபடுறதெல்லாம் இடம் மாறினதுதான்னு சொல்ல முடியாது, அதனால பில்லை எடுத்துப் பாத்துட்டுத்தான் திருத்தணும். பில்லுல 1,960 இருந்தா நம்ம கணக்குலதான் தப்பு.

அடுத்து அந்த 2,500. கலர் 11-ஆம் தேதி வரியில வந்திருக்கு, ஆனா விட்டுப் போனது நிஜமாவே அதுதானான்னு ஃபார்முலாவுக்குத் தெரியாது, ரெண்டுல ஒண்ணுக்கு ஜோடி இல்லன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நம்ம என்ட்ரி 8-ஆம் தேதி, அதனால 9-ஆம் தேதி வரியோட சேர்றதுக்கு வாய்ப்பு அதிகம், ஆனா யாருக்குப் போச்சுன்னு ரெண்டு விவரத்தையும் பாத்துடுங்க. ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே விஷயத்துக்குப் போயிருந்தா நாம எழுத மறக்கலை, பணமே ரெண்டு தடவை போயிருக்கு. அப்ப பேங்க்கிட்டயோ பணம் வாங்கினவங்ககிட்டயோ பேசணும். இங்க வேற ஆளுக்குப் போனதுதான், நாம எழுத விட்டுட்டோம்னு வச்சுக்குவோம்.

சார்ஜ், வட்டி ரெண்டும் பேங்க் தானா போடுறது, ஸ்டேட்மென்ட் பாத்த பிறகுதான் நமக்கே தெரியும், எழுதிக்க வேண்டியதுதான். 6,000 செக் இன்னும் யாரும் பேங்க்ல போடலை, 3,500 கடைசி நாள்ல போட்டதால பேங்க்ல இன்னும் ஏறலை, ரெண்டும் தப்பே இல்ல, காத்திருக்க வேண்டியதுதான். அதுக்காக நம்ம கணக்குல எதையும் அழிக்கவோ தேதி மாத்தவோ கூடாது.

இப்ப ரெண்டு பக்கமும் சரி பண்ணிப் பாருங்க. பேங்க்: 58,600 + 3,500 – 6,000 = 56,100. நம்ம கணக்கு: 58,810 – 150 + 210 – 2,500 – 270 = 56,100. காகிதத்துல மட்டும் ஒட்ட வச்சா போதாது, இந்த நாலு திருத்தத்தையும் கணக்குப் புக்லயே என்ட்ரியா போடணும்.

தப்பான ஜோடியை எப்படிப் பிடிக்குறது

இந்த முறையில ஒரு குறை இருக்கு. ஒருத்தருக்குக் கொடுத்த 5,000 செக் இன்னும் பாஸ் ஆகலை, அதே மாசம் வேற ஒருத்தருக்குப் போன 5,000-ஐ நாம எழுதலைன்னா, ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடியா சேந்துடும், கலர் வராது, ஸ்டெப் 6 சோதனையும் டேலி ஆகும். இதைப் பிடிக்க `Bank` ஷீட் H2-ல நாள் இடைவெளியைப் போட்டுக்கோங்க:

```
=IF(G2<>"","",A2-INDEX(Book!A$2:A$500,MATCH(F2,Book!F$2:F$500,0)))
```

A-ல இருக்குறது நிஜமான தேதியா இருக்கணும், டெக்ஸ்டா இருக்கக் கூடாது. விடை தேதி மாதிரி தெரிஞ்சா அந்தக் கட்டத்தை நம்பர் ஃபார்மேட்டுக்கு மாத்துங்க. நம்ம கணக்குல 12,000-க்கு 1, 4,500-க்கு 1, 2,500-க்கு 1, 8,000-க்கு 0. இப்படி சின்ன நம்பரா இருந்தா கவலை இல்ல. 25, 30ன்னு வந்தா விவரத்தைப் பாருங்க. செக்குக்கு மைனஸ்ல வந்தா, அதாவது நாம எழுதுறதுக்கு முன்னாடியே பேங்க்ல பணம் போயிருந்தா, அது அநேகமா தப்பான ஜோடிதான்.

இன்னொரு வகையும் வரும். நாம மூணு வரவா எழுதினதை பேங்க் ஒரே டெபாசிட்டா காட்டும், அப்ப நாலு வரியும் கலர்ல வரும். இதுக்குன்னு ஃபார்முலா தேடி அலையாதீங்க. மூணையும் கூட்டினா பேங்க் தொகை வருதுன்னா, `Book` ஷீட்ல அந்த மூணையும் ஒரே வரியா எழுதி விவரத்துல பிரிவைக் குறிச்சு வச்சா போதும்.

அடுத்த மாசத்துக்கு

6,000 செக் அடுத்த மாசம் பேங்க்ல பாஸ் ஆகும், ஆனா அந்த மாச `Book` லிஸ்ட்ல அது இருக்காது, பேங்க்ல மட்டும் இருக்குற புது வரி மாதிரி கலர்ல வந்து நிக்கும். அதனால அடுத்த மாச `Book` ஷீட்டோட மேல இந்த மாசம் காத்திருந்த ரெண்டு வரியையும், அதாவது மைனஸ் 6,000-மும் பிளஸ் 3,500-மும், அதே பழைய தேதியோட சேத்துடுங்க. ஸ்டெப் 6 சோதனைக்கு ரெண்டு பக்கத்துக்கும் ஆரம்ப பேலன்ஸா பேங்கோட 58,600-ஐயே எடுத்துக்கோங்க: 58,600-ல இந்த ரெண்டு வரியையும் சேத்தா நம்ம புக்கோட திருத்தின பேலன்ஸ் 56,100 தானா வந்துடும். மாசா மாசம் அதே செக் `Book` ஷீட்டோட மேல வந்து உக்காந்துக்கிட்டே இருந்தா, அதை வாங்கினவங்ககிட்ட போன் போட்டுக் கேட்டுடுங்க, தொலைஞ்சிருந்தா பேங்க்ல நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டு அதுக்கப்புறம் கணக்குல ரத்து பண்ணலாம்.